நினைவூட்டல்: கீழ்ப் பிரிவு லயத்துக்குப் பின்னால் நில வெடிப்பு - பிள்ளைக்காம்பரா சாவியும் மேல் கானும்

வணக்கம் சேர்,

பொகவந்தலாவையிலிருந்து எழுதுகிறேன். எங்கள் தோட்டத்துக் கீழ்ப் பிரிவைப் பற்றிப் போன செவ்வாய்க்கிழமை உங்களுக்கு ஒரு மெயில் போட்டிருந்தேன், ஒரு வாரம் ஆகியும் பதில் வராததால் மறுபடி எழுதுகிறேன். மாதக் கடைசியில் கணக்கு முடிக்கிற வேலை இருக்கும், நீங்கள் சர்க்கிட்டில் போயிருக்கிறீர்கள் என்று ஆபீஸ் கிளார்க் அண்ணனும் சொன்னார், அதனால் இதைக் குறையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் இது மழைக்கு முன்னால் முடிய வேண்டிய காரியம். இன்னொரு வாரம் பேசாமல் இருக்க எனக்கு மனம் வரவில்லை.

பழைய மெயிலைத் தேடி நீங்கள் நேரத்தைச் செலவழிக்க வேண்டாம். எல்லாவற்றையும் இதிலேயே எழுதிவிடுகிறேன், படங்களையும் சின்னதாக்கி மூன்று மட்டும் இணைத்திருக்கிறேன்.

உங்களிடம் கேட்பது மூன்று காரியம். மழை பலக்கிற இரவுகளில் கீழ் லயத்து ஆட்கள் தங்குவதற்குப் பிள்ளைக்காம்பராவைத் திறந்துகொள்ள அனுமதியும், அதன் சாவி ஒன்று பிரிவிலேயே ஒருவர் கையில் இருப்பதும் வேண்டும். லயத்துக்கு மேலே அடைபட்டுக் கிடக்கிற கானைத் துப்புரவாக்க இரண்டு நாள் வேலைக்குப் பேர் போட வேண்டும். மூன்றாவது, நிலத்தை வந்து பரிசோதிக்கச் சொல்லி பிரதேச செயலகம் வழியாகத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்துக்கு விண்ணப்பம் போட இருக்கிறோம், அதில் இணைக்கத் தோட்ட நிர்வாகத்தின் சம்மதக் கடிதம் ஒன்று. மூன்றுக்கும் ஒரே நேரத்தில் பதில் சொல்ல முடியாவிட்டால் பரவாயில்லை. சாவி விஷயத்தை மட்டுமாவது முதலில் சொல்லிவிடுங்கள், அதற்குப் பணம் காசு எதுவும் தேவையில்லை.

இனி விவரம். கீழ்ப் பிரிவின் கடைசி இரண்டு லயத்திலும் சேர்த்து 24 குடும்பம் இருக்கிறது. கடைசி லயத்தின் குசினிப் பக்கம் போனால், சுவருக்கும் தேயிலைக்கும் இடையில் ஓர் ஆள் நடக்கிற அளவு இடம் இருக்கும், அங்கேதான் வெடிப்பு. முதலில் கோழி கிளறிய இடம் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். இப்போது ஆறு காம்பரா நீளத்துக்கு ஒரே கோடாக ஓடுகிறது, சில இடங்களில் விரல் உள்ளே போகிறது, கீழ்ப்பக்கத்து மண் மேல்பக்கத்தைவிடக் கொஞ்சம் இறங்கியும் இருக்கிறது. வெடிப்புக்கு இந்தப் பக்கம் ஒரு முளையும் அந்தப் பக்கம் ஒரு முளையும் அடித்து, ஞாயிற்றுக்கிழமைதோறும் நாங்களே அளந்து ஒரு கொப்பியில் எழுதி வருகிறோம். அடித்த அன்று இரண்டுக்கும் இடையில் 60 சென்டிமீட்டர் இருந்தது, இந்த ஞாயிறு அளந்தபோது 63. மழைக்காலம் இன்னும் சரியாகத் தொடங்கவே இல்லை சேர், மாலையில் பெய்கிற மழைக்கே இவ்வளவு.

போன மெயிலில் எழுதாத இரண்டு விஷயம் இந்த வாரம் சேர்ந்திருக்கிறது. லயத்துக்குக் கீழே உள்ள பீலியில் தண்ணீர் கலங்கி வருகிறது, மேலே மழை இல்லாத நாளிலும் அப்படித்தான், பாத்திரத்தில் பிடித்து வைத்தால் அடியில் செம்மண் தங்குகிறது. நான்காவது காம்பராவின் பின் கதவு மூடுவதில்லை, நிலை சாய்ந்துவிட்டது. அந்த வீட்டம்மா கதவை இழுத்துக் கயிறு போட்டுக் கட்டிவிட்டுத்தான் இரவில் படுக்கிறார். நிலத்தில் வெடிப்பு, ஊற்றுத் தண்ணீர் திடீரெனக் கலங்குவது அல்லது நின்றுபோவது, கதவு ஜன்னல் இறுகுவது, மரமும் கம்பமும் சாய்வது, இவையெல்லாம் மண்சரிவுக்கு முன்னால் தெரிகிற அடையாளங்கள் என்று சொல்லப்படுபவைதான். இதில் மூன்று எங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. சரிந்தே தீரும் என்று நான் சொல்லவில்லை, அதைச் சொல்ல எனக்குப் படிப்பும் இல்லை. வந்து பார்க்க வேண்டியவர்கள் வந்து பார்க்கட்டும் என்றுதான் கேட்கிறேன்.

கான் விஷயம் உங்களுக்கே நன்றாகத் தெரியும். லயத்துக்கு மேலே உள்ள மலையில் கவ்வாத்து வெட்டிய பிறகு வாதுகள் கானுக்குள் விழுந்து, அதன் மேல் மண் படிந்து, இப்போது கான் இருந்த இடமே தெரியவில்லை. மலையில் விழுகிற தண்ணீர் ஓடைக்குப் போகாமல் அந்த இடத்தில் தேங்கி, நேரே வெடிப்புக்குள் இறங்குகிறது. இணைத்திருக்கிற இரண்டாவது படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள், தண்ணீர் எங்கே தேங்கி நிற்கிறது என்று தெரியும். எட்டுப் பேர் இரண்டு நாள் வேலை செய்தால் போதும் என்று பழைய கங்காணி ஐயா கணக்குச் சொன்னார். எங்கள் பொடியன்கள் சும்மா செய்து தரவும் தயார்தான். ஆனால் கம்பனி மலையில் யாரைக் கேட்டு மண்வெட்டி போட்டாய் என்ற பேச்சு வரக்கூடாது, ஒருவருக்கு அடிபட்டால் அதற்குப் பதில் சொல்ல ஆளும் இருக்க வேண்டும், அதனால்தான் பேர் போட்டு, பெரட்டில் சொல்லி, முறையாகச் செய்யலாம் என்று கேட்கிறோம்.

வெடிப்பை இப்போதைக்குப் பொலித்தீன் விரித்து, ஓரத்தில் கல் வைத்து மூடியிருக்கிறோம். காற்றடித்தால் அது நிற்காது.

பிள்ளைக்காம்பராவைக் கேட்பதற்குக் காரணம், அது இஸ்டோர் ரோட்டோரம் மேட்டில், சமதரையில் இருக்கிறது, தண்ணீர்த் தொட்டியும் இரண்டு கக்கூசும் உண்டு, கீழ் லயத்திலிருந்து வயதானவர்கள்கூட மெதுவாக நடந்து போய்விடலாம், வழியில் ஓடை கடக்கத் தேவையில்லை. கோயில் மண்டபத்தையும் யோசித்துப் பார்த்தோம், அதற்குப் போகிற படி ஓடையைத் தாண்டித்தான் இருக்கிறது, பலத்த மழையில் இருட்டில் அந்தப் பக்கம் ஆட்களைக் கூட்டிப் போக நான் சம்மதிக்க மாட்டேன். பிள்ளைகளுக்கு இடைஞ்சல் வராது. பின்நேரம் அக்கா பூட்டிவிட்டுப் போன பிறகுதான் திறப்போம், காலையில் ஆறரைக்குள் கூட்டிக் கழுவிப் பாய்களை எடுத்துவிடுவோம், தொட்டில், விளையாட்டுச் சாமான் எதையும் தொட மாட்டோம். யார் எப்போது திறந்தார்கள் என்று ஒரு புத்தகத்தில் கையெழுத்து வைப்போம், நீங்கள் எப்போது வேண்டுமானாலும் வாங்கிப் பார்க்கலாம். அங்கே பொறுப்பாக இருக்கிற அக்காவிடம் பேசிவிட்டேன், மேலிடம் சரி என்று சொன்னால் தனக்கு ஆட்சேபணை இல்லை என்கிறார். இப்போது சாவி அவரிடம் ஒன்று, இஸ்டோரில் ஒன்று. நடுச்சாமத்தில் மழை பிடித்தால் இரண்டையுமே எடுக்க முடியாது.

எந்த மழைக்குக் கிளம்புவது என்பதையும் பேசி வைத்திருக்கிறோம், சும்மா தூறலுக்கெல்லாம் ஓட மாட்டோம். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீட்டர் தாண்டினால் கவனமாக இருக்க வேண்டும், 100 தாண்டினால் வெளியேறத் தயாராக வேண்டும், 150 தாண்டினால் வெளியேறியே ஆக வேண்டும் என்பது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வைத்திருக்கிற அளவு. எங்கள் நிலம் ஏற்கெனவே வெடித்திருப்பதால் வயதானவர்களையும், கைக்குழந்தை உள்ள வீடுகளையும், ஏழு மாதக் கர்ப்பிணி ஒருவரையும் 75க்கே மாற்றிவிடலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். இஸ்டோரில் தினமும் மழை அளக்கிறீர்கள் அல்லவா, அந்தக் கணக்கைக் காலைப் பெரட்டில் ஒரு வார்த்தை சொன்னால் எங்களுக்குப் பெரிய உதவி. இரவுக்கு நாங்களே நேரான போத்தல் ஒன்றை வெட்டி, அளவு போட்டு வைத்திருக்கிறோம்.

எனக்குப் பயமாக இருக்கிறது சேர், அதை மறைத்து எழுத விருப்பமில்லை. கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29 காலையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை நீங்களும் மறந்திருக்க மாட்டீர்கள். அந்த இடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் சொல்லப்பட்டிருந்தது, ஆட்கள் போவதற்கு வேறு இடம் அமையாமல் அங்கேயே இருந்தார்கள். 2025 நவம்பரில் டித்வா புயல் வந்தபோது மலைநாடு முழுக்க என்ன நடந்தது என்று சொல்லவே தேவையில்லை. அந்த இரவுகளுக்குப் பிறகு கீழ் லயத்துப் பிள்ளைகள் மழைச் சத்தம் கேட்டாலே புத்தகப் பையைத் தூக்கி வைத்துக்கொள்கிறார்கள். எங்களிடம் பெயரெழுதிய காணி இல்லை, நிலம் கம்பனி குத்தகையில் இருக்கிறது, அதனால் நாங்களாக ஒரு சுவர் கட்டவோ வேறு இடத்தில் கொட்டகை போடவோ வழியில்லை. உங்களைத்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

வரும் சனிக்கிழமை பின்நேரம் இரண்டு லயத்து ஆட்களையும் கூப்பிட்டுப் பேச இருக்கிறோம், யார் யாரைத் தூக்கிக்கொண்டு போவது, மாட்டுப்பட்டியைத் திறந்துவிடுவது யார் என்றெல்லாம் அன்றுதான் முடிவாகும். அதனால் வெள்ளிக்கிழமைக்குள் உங்கள் பதில் கிடைத்தால் நல்லது. நீளமாக எழுத வேண்டாம். "சாவி தரலாம், கானுக்கு அடுத்த வாரம் பேர் போடுகிறேன், கடிதம் ஆபீசில் வாங்கிக்கொள்" என்று ஒரு வரி வாட்ஸ்அப்பில் வந்தாலும் போதும். முடியாது என்றாலும் அதையே சொல்லுங்கள், நாங்கள் வேறு ஏற்பாடு பார்க்க வேண்டும். இது உங்கள் பொறுப்பில் இல்லையென்றால் யாரிடம் பேச வேண்டும் என்று பெயரை மட்டும் சொல்லுங்கள், அவருக்கு நானே எழுதிக்கொள்கிறேன்.

பரிசோதனைக்கான விண்ணப்பத்தைத் திங்கட்கிழமை கிராம சேவகரிடம் கொடுக்கப் போகிறோம். நிர்வாகக் கடிதம் அதற்குள் கிடைத்தால் சேர்த்துக் கொடுப்போம், கிடைக்காவிட்டால் பிறகு தருகிறோம் என்று எழுதிக் கொடுப்போம். உங்களுக்குத் தெரியாமல் மேலே போய்விட்டார்கள் என்று நீங்கள் நினைக்கக்கூடாது என்பதற்காக முன்கூட்டியே சொல்கிறேன். இந்த மெயிலை வேறு யாருக்கும் நான் பிரதி போடவில்லை.

போன வருஷம் பாடசாலைக்குப் போகிற பாதையில் உடைந்த போக்குக்குக் குழாய் வாங்கித் தந்தது நீங்கள்தான், அதை இங்கே எல்லோரும் இன்றும் சொல்கிறார்கள். அந்த நம்பிக்கையில்தான் இதையும் முதலில் உங்களிடம் கொண்டுவந்தேன். நேரில் வந்து பார்க்க முடிந்தால் இன்னும் நல்லது, எந்த நாள் என்றாலும் சரி, பாடசாலை விட்டு இரண்டரைக்கு நான் லயத்தில் இருப்பேன்.

நன்றி சேர்.

சுகந்தி
செயலாளர், கீழ்ப் பிரிவு அனர்த்தக் குழு

பி.கு.: எங்கள் பக்கம் சிக்னல் மோசம், அழைத்து நான் எடுக்காவிட்டால் பாடசாலை ஆபீசில் சொல்லி வையுங்கள், இடைவேளையில் திருப்பி எடுக்கிறேன். 75ஐத் தாண்டுகிற மழை வெள்ளிக்கிழமைக்கு முன்னாலேயே வந்துவிட்டால் பதிலுக்குக் காத்திருக்க மாட்டோம், 117க்கும் உங்களுக்கும் போன் எடுத்துச் சொல்லிவிட்டு, வயதானவர்களையும் பிள்ளைகளையும் பிள்ளைக்காம்பரா விறாந்தைக்காவது கூட்டிப் போய்விடுவோம்.