உங்கள் பசுக்களின் புருசெல்லோசிஸ் பரிசோதனை முடிவு

காரைக்குடி
14.10.2024

பள்ளத்தூர் பால் பண்ணை உரிமையாளர் அவர்களுக்கு,

வணக்கம். நீங்கள் கொடுத்த ஆறு பசுக்களின் இரத்த மாதிரிகளில் இரண்டில், பால் வழியாக மனிதருக்கும் தொற்றும் புருசெல்லோசிஸ் நோய் உறுதியாகியிருக்கிறது. ஒன்று ஏழாம் மாதத்தில் கன்று வீசிய செவலை. மற்றொன்று நோயே தெரியாமல் நன்றாகக் கறந்துகொண்டிருக்கும் காரி. காரியைத்தான் நான் அதிகம் கவனிக்கச் சொல்வேன்.

இரண்டின் பாலையும் இன்றே தனியாக ஒதுக்கிவிடுங்கள். விற்க வேண்டாம். மற்ற நான்கையும் மறுபரிசோதனை செய்யும்வரை, அவற்றின் பாலை வாங்கும் வீடுகளுக்குப் பொங்கக் காய்ச்சியே குடிக்கச் சொல்லுங்கள். காய்ச்சினால் கிருமி செத்துவிடும்; காய்ச்சிய பாலில் உறையூற்றிய தயிருக்கும் பயமில்லை. ஆபத்து பச்சைப்பாலில்தான். கோயில் அபிஷேகத்துக்குக் கொடுக்கும் பாலைப் பிரசாதமாகக் குடிப்பவர்கள் உண்டு, அதை மறந்துவிடாதீர்கள். சீம்பாலையும் யாருக்கும் கொடுக்க வேண்டாம்.

ஏற்கனவே பச்சைப்பால் குடித்த வீடுகளில் விட்டுவிட்டு வரும் காய்ச்சல், இரவு வியர்வை, மூட்டுவலி, இடுப்புவலி இருந்தால், மருத்துவரிடம் இந்தக் கடிதத்தைக் காட்டட்டும். அறிகுறி தெரியச் சில மாதங்கள்கூட ஆகலாம். கர்ப்பிணிகள் காத்திருக்காமல் போகட்டும். மனிதர்களுக்கு மருந்து உண்டு. பல வாரம் விடாமல் சாப்பிட வேண்டும்.

கறவைக்காரரும் பரிசோதித்துக்கொள்ளட்டும். நஞ்சுக்கொடியை வெறுங்கையால் தொடாமல், சுண்ணாம்பு போட்டு ஆழமாகப் புதையுங்கள். பசுக்களுக்குச் சிகிச்சை பலன் தராது. அவற்றைச் சந்தையில் தள்ளிவிடவும் கூடாது. வியாழன் காலை நேரில் வருகிறேன். கிடேரிகளுக்குத் தடுப்பூசி பற்றியும் அப்போது பேசலாம்.

இப்படிக்கு,
கால்நடை மருத்துவர்