வாரண்டிக் காலத்தில் பழுதான லேப்டாப் திரை: மாற்றித் தரக் கோரிக்கை

அனுப்புநர்: கவிதா (ஆர்டர் எண் 40718826)
பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு
தேதி: 09.09.2025

வணக்கம்.

உங்களிடம் 14.03.2025 அன்று 15.6 அங்குலத் திரையுள்ள லேப்டாப் வாங்கினேன். பில்லில் ஓராண்டு வாரண்டி என்று உள்ளது. ஆகஸ்ட் 28 அன்று திரையின் இடப்பக்கம் மேலிருந்து கீழாகப் பச்சைக் கோடுகள் விழத் தொடங்கின. ஒரு வாரத்துக்குள் இடது பாதி முழுக்கக் கருத்துவிட்டது.

போனில் பேசியபோது உங்கள் ஊழியர் டிஸ்ப்ளே டிரைவரை அப்டேட் செய்யச் சொன்னார். செய்தேன், மாற்றமில்லை. அப்புறம், "எங்காவது இடிபட்டிருக்கும், அதற்கு வாரண்டி கிடையாது" என்றார். லேப்டாப்பைப் பார்க்காமலேயே சொன்ன இந்த முடிவை என்னால் ஏற்க முடியாது.

கோளாறு மென்பொருளில் இல்லை என்பதற்கு ஆதாரம் இணைத்துள்ளேன். முதல் வீடியோவில், விண்டோஸ் தொடங்கும் முன் வரும் பயாஸ் திரையிலேயே கோடுகள் தெரிகின்றன. டிரைவர் காரணமென்றால் அங்கே தெரிய வாய்ப்பில்லை. இரண்டாவது வீடியோவில், எச்டிஎம்ஐ கேபிள் வழியாக இணைத்த வெளி மானிட்டரில் படம் சுத்தமாக வருகிறது. அதே நேரத்தில் எடுத்த ஸ்கிரீன்ஷாட்டிலும் கோடு இல்லை. போனில் எடுத்த படத்தில் மட்டும் உள்ளது. ஆகவே பழுது திரைப் பேனலிலோ அதற்குச் செல்லும் கேபிளிலோதான் இருக்க வேண்டும். இரண்டுமே லேப்டாப்போடு நீங்கள் விற்ற பாகங்கள்.

இடிபட்டது என்ற பேச்சுக்கு வருகிறேன். அழுத்தத்தால் உடைந்த திரையில் வழக்கமாக விரிசலோ, மை கசிந்தது போன்ற கறையோ இருக்கும். திரையை அணைத்துவிட்டு, சாய்வான வெளிச்சத்தில் கண்ணாடி, மூடி, நான்கு மூலைகள், கீல்கள் எல்லாவற்றையும் நெருக்கமாகப் படம் எடுத்திருக்கிறேன். ஒரு கீறல்கூட இல்லை. ஈரம் பட்ட தடமும் இல்லை. பில், வாரண்டி அட்டை, அடிப்பக்கத்தில் உள்ள சீரியல் எண்ணின் படம் ஆகியவற்றையும் சேர்த்துள்ளேன். உங்கள் டெக்னீஷியன் நேரில் சோதிக்க விரும்பினால் தாராளமாகச் சோதிக்கட்டும், என் முன்னிலையில்.

என் வேலை முழுவதும் இந்த லேப்டாப்பில்தான். இப்போது இரவல் வாங்கிய மானிட்டரை வைத்துச் சமாளிக்கிறேன். வெளியே எடுத்துச் செல்ல வழியில்லை.

எனவே, வாரண்டிப்படி இதே மாடலில் புதிய லேப்டாப் மாற்றித் தர வேண்டுகிறேன். அது கையிருப்பில் இல்லையென்றால், புதிய ஒரிஜினல் பேனலைக் கட்டணமின்றிப் பொருத்தித் தாருங்கள். பழைய லேப்டாப்பிலிருந்து கழற்றியதோ, சரிசெய்து விற்கப்படுவதோ வேண்டாம். பழுது பார்ப்பதானால், எஸ்எஸ்டியில் உள்ள கோப்புகளை என் சம்மதமின்றி அழிக்கக் கூடாது.

செப்டம்பர் 19-க்குள் எழுத்துப்பூர்வமான பதில் வேண்டும். மறுப்பதானால், வாரண்டியின் எந்த விதிப்படி மறுக்கிறீர்கள், சேதம் எந்த இடத்தில் உள்ளது என்பதைப் படத்துடன் குறிப்பிடுங்கள். பதில் வராவிட்டால் இதே ஆதாரங்களுடன் தயாரிப்பு நிறுவனத்திடமும் நுகர்வோர் குறைதீர் அமைப்பிடமும் புகார் அளிப்பேன்.

இப்படிக்கு,
கவிதா