பரீட்சைக்கு முந்தின ராத்திரி பிரித்துப் படிக்க

சிங்கப்பூர்

அன்பு மகளுக்கு,

நாளைக்குக் கணக்குப் பரீட்சை. மணி ஒன்பது ஆகியிருந்தால் புத்தகத்தை மூடிவிடு, ஆத்தா. விட்டுப்போன பாடம் இனிமேல் ஏறாது, தூக்கம்தான் கெடும். ஹால் டிக்கெட், இரண்டு பேனா, ஜியாமெட்ரி பாக்ஸ் பையில் இருக்கா? சரி. அப்புறம் வளவில் தூணோரமாகக் கொஞ்சம் உட்கார். ஆத்தங்குடிக் கல்லில் வெறுங்காலை வைத்தால் சில்லென்று இருக்கும். என் பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு முந்தின ராத்திரி நான் படுத்ததே அங்கேதான், அப்பத்தா திட்டத் திட்ட!

பத்து மணிக்குத் தாள் தந்ததும் முதல் பத்து நிமிஷம் வாசிக்கத்தான். தெரிந்த கணக்கிலிருந்து தொடங்கு. அப்போது இங்கே பன்னிரண்டரை, சாப்பாட்டு நேரம். உன்னைத்தான் நினைத்துக்கொண்டிருப்பேன்.

வெளியே வந்து யாரோடும் விடை ஒத்துப்பார்க்காதே. எனக்கு ஒரு மிஸ்டு கால் கொடு.

அப்பத்தா தரும் பாலைக் குடித்துவிட்டுப் படு.

அப்பா