தரக் கட்டுப்பாட்டு ஆய்வகப் பயிற்சியாளர் பணி: கவர் லெட்டர்

செல்வா, நீ அனுப்பின வேலை விளம்பர ஸ்கிரீன்ஷாட்டும் அதுக்குக் கீழே "அப்ளை"ங்கிற ஒத்தைச் சொல்லும் வந்தது. லெட்டர் கீழே முழுசா இருக்கு. போன மாசம் நீ கொடுத்த ரெஸ்யூம், புராஜெக்ட் ரிப்போர்ட், டிரெய்னிங் டைரி மூணுல இருக்கிறதை மட்டும்தான் எழுதியிருக்கேன். எதையும் கூட்டிச் சொல்லலை.

படத்துல மேலே லோகோ பாதி வெட்டுப்பட்டிருக்கு, கம்பெனி பேர் தெரியலை. ஊகிச்சு எழுதி தப்பான பேரோட போறதைவிட "தங்கள் நிறுவனம்"னு போறது மேல். கீழே கடைசித் தேதி "ஜூன் 1" வரைக்கும்தான் தெரியுது, அடுத்த இலக்கம் வெட்டுப்பட்டிருச்சு. 10 ஆகவும் இருக்கலாம், 19 ஆகவும் இருக்கலாம். இன்னைக்கு 9. ராத்திரிக்குள்ள அனுப்பிடு.

விளம்பரத்துல சின்ன எழுத்துல ஒரு வரி இருக்கு, நீ கவனிச்சிருக்க மாட்டே: "கடிதம் தமிழில், இரண்டு பக்கத்துக்கு மிகாமல், தாங்களே கையால் செய்த பரிசோதனைகளை விளக்கவும்." லெட்டர் நீளமா இருக்கிறதுக்கு அதுதான் காரணம்.

தேதி: 9 ஜூன் 2025

பெறுநர்:
மேலாளர்,
மனிதவளப் பிரிவு

பொருள்: தரக் கட்டுப்பாட்டு ஆய்வகப் பயிற்சியாளர் பணிக்கு விண்ணப்பம் (குறியீடு QC-T/04)

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். தங்கள் பால் பதப்படுத்தும் ஆலையின் ஆய்வகத்துக்குப் பயிற்சியாளர்கள் தேவை என்ற விளம்பரம் கண்டு விண்ணப்பிக்கிறேன். இந்த ஆண்டு பி.எஸ்சி. நுண்ணுயிரியல் 74 சதவீத மதிப்பெண்ணுடன் முடித்துள்ளேன். இரண்டாம் ஆண்டில் உயிர்வேதியியல் தாள் ஒன்றில் தவறி, அடுத்த பருவத்திலேயே தேர்ச்சி பெற்றேன். இப்போது நிலுவைத் தாள் ஏதும் இல்லை. வேலை அனுபவம் இல்லை. ஒரு பால் குளிரூட்டும் நிலையத்தில் 15 நாள் பயிற்சியும், பாக்கெட் பாலில் செய்த இறுதியாண்டு ஆய்வும் உண்டு. விளம்பரத்தில் கேட்டுள்ள மூன்று பரிசோதனைகளையும் அங்கேதான் கையால் செய்தேன்.

கொழுப்புச் சோதனையைக் கெர்பர் முறையில் நாளொன்றுக்குச் சுமார் 20 மாதிரிகளுக்குச் செய்தேன். பியூட்டிரோமீட்டரில் முதலில் 10 மி.லி. கந்தக அமிலம், அதன்மேல் குழாயின் சுவரையொட்டி மெதுவாக 10.75 மி.லி. பால், பிறகு 1 மி.லி. அமைல் ஆல்கஹால். பாலை வேகமாக விட்டால் அமிலத்தோடு அங்கேயே கலந்து கருகிவிடும்; கொழுப்புக்கு அடியில் கருந்துகள்கள் தங்கி, அளவு எங்கே தொடங்குகிறது என்றே தெரியாது. அமிலம் வலுக் குறைந்திருந்தால் இதற்கு மாறாக வெண்ணிறத் துகள்கள் நிற்கும். இரண்டையும் முதல் நாளிலேயே பார்த்தேன்.

முதல் வாரத்தில் ஒரே மாதிரிக்கு இரண்டு குழாய்களில் 4.1, 3.8 என்று வேறு வேறு அளவு வந்தது. அமிலத்தைச் சந்தேகித்து மாற்றியும் வேறுபாடு போகவில்லை. குளிர்பெட்டியிலிருந்து எடுத்த பாலில் ஆடை மேலே திரண்டிருந்ததும், லேசாக ஆட்டிவிட்டு பிப்பெட்டில் உறிஞ்சியதும்தான் காரணம் என்று பிறகு புரிந்தது. மாதிரியை 40 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கி, பாட்டிலைப் பலமுறை தலைகீழாகத் திருப்பிக் கலந்து, ஆறவைத்து எடுத்தபின் இரு குழாய்களும் 0.1-க்குள் ஒத்துப்போயின. அன்று முதல், இரண்டு அளவுகள் ஒத்துப்போகாத மாதிரிக்குச் சராசரி எடுத்து எழுதுவதில்லை. மறுபடியும் செய்கிறேன்.

மெத்திலீன் புளூ சோதனையில் 10 மி.லி. பச்சைப் பாலுக்கு 1 மி.லி. சாயக் கரைசல் சேர்த்து, 37 டிகிரி நீர்த்தொட்டியில் வைத்து, அரை மணிக்கொரு முறை பார்த்துக் குறித்தேன். குழாயை மெல்லக் கவிழ்த்து நிமிர்த்தலாம், குலுக்கக் கூடாது. குலுக்கினால் காற்று கலந்து, வெளுக்கத் தொடங்கிய பால் மறுபடி நீலமாகிவிடும். ஒரு கேன் பால் 40 நிமிடத்திலேயே வெளுத்தது. அதே வரிசையில் மற்றவை 5 மணி நேரத்தைத் தாண்டின. நீலம் நீடித்தாலே நல்ல பால் என்று முடிவு செய்துவிட முடியாது என்பதையும் அறிவேன். மாட்டுக்குக் கொடுத்த ஆன்டிபயாடிக் பாலில் எஞ்சியிருந்தால் கிருமிகள் வளராமல் சாயம் வெளுக்கத் தாமதமாகும். நெடுநேரம் குளிரில் இருந்த பாலில் வளரும் கிருமிகளும் 37 டிகிரியில் சாயத்தைச் சரியாக வெளுக்கச் செய்வதில்லை. அதனால் இந்தச் சோதனையை முதற்கட்டச் சல்லடையாக மட்டுமே கருதுகிறேன்.

பிளேட் கவுண்ட் முறைதான் என் இறுதியாண்டு ஆய்வின் அடிப்படை. ஒரே தொகுப்பைச் சேர்ந்த பாஸ்சரைஸ் செய்த பாக்கெட் பாலை 4, 10, 25 டிகிரிகளில் வைத்து, கிருமி எண்ணிக்கை நாளுக்கு நாள் எப்படி ஏறுகிறது என்று பார்த்தேன். 1 மி.லி. மாதிரியை 9 மி.லி. நீர்த்தல் திரவத்தில் சேர்த்து, ஒவ்வொரு படிக்கும் புதிய பிப்பெட்டுடன் பத்து மடங்காக நீர்த்து, 45 டிகிரிக்கு ஆறிய அகாரை ஊற்றி, உறைந்தபின் தட்டுகளைக் கவிழ்த்து 32 டிகிரியில் 48 மணி நேரம் வைத்தேன். 30 முதல் 300 வரை காலனிகள் உள்ள தட்டுகளை மட்டுமே கணக்கில் கொண்டேன். தொடக்கத்தில் மி.லி.க்கு 6,200 இருந்த எண்ணிக்கை, 4 டிகிரியில் ஐந்தாம் நாள் 21,000 ஆனது. 10 டிகிரியில் மூன்றாம் நாளே 4,80,000-ஐத் தொட்டது. 25 டிகிரியில் வைத்த பால் மறுநாள் காலையிலேயே திரிந்துவிட்டதால் அதற்கு மேல் எண்ணவில்லை.

இந்த ஆய்வில் ஒரு தொகுதித் தட்டுகளை முழுவதுமாக நிராகரிக்க வேண்டியிருந்தது. பால் சேர்க்காமல் அகார் மட்டும் ஊற்றிய கட்டுப்பாட்டுத் தட்டில் 7 காலனிகள் தெரிந்தன. ஆட்டோகிளேவின் அழுத்தமானி 15 பவுண்ட் காட்டியிருந்தது, நேரமும் 15 நிமிடம் சரியாக இருந்தது. ஆனால் உள்ளே இருந்த காற்று முழுதும் வெளியேறும் முன்பே வால்வை மூடியிருந்தேன். காற்று சிக்கிக்கொண்டால் அழுத்தம் சரியாகத் தெரிந்தாலும் வெப்பம் 121 டிகிரியை எட்டாது. குடுவையையும் கழுத்துவரை நிரப்பியிருந்தேன். நடுப்பகுதிக்குச் சூடு போய்ச் சேர நேரம் போதவில்லை. அடுத்த முறை நீராவி இடைவிடாமல் சீறி வந்தபின் வால்வை மூடினேன், குடுவையைப் பாதி அளவுக்கு நிரப்பினேன். கட்டுப்பாட்டுத் தட்டு சுத்தமாக இருந்தது. நிராகரித்த எண்களும் காரணத்தோடு ஆய்வறிக்கையின் பின்னிணைப்பில் உள்ளன.

பதிவேட்டில் தவறாக எழுதியதை அழிக்காமல், ஒற்றைக் கோடு போட்டு அடித்து, சரியான எண்ணைப் பக்கத்தில் எழுதி, கையெழுத்தும் தேதியும் இடும் வழக்கத்தைப் பயிற்சியின்போது கற்றேன். எக்ஸெலில் அன்றாட முடிவுகளைப் பதியவும், வரம்பு மீறியவை நிறம் மாறித் தெரியும்படி அமைக்கவும், வரைபடம் போடவும் தெரியும்.

விளம்பரத்தில் கேட்டவற்றில் எனக்குக் குறைவானவையும் உண்டு. ஹெச்.ஏ.சி.சி.பி. பற்றிப் பாடத்தில் படித்ததுதான். ஆவணம் எதையும் நானாகத் தயாரித்ததில்லை. பாஸ்சரைசரில் 72 டிகிரி, 15 விநாடி என்ற வரம்பு எப்படிக் கண்காணிக்கப்படுகிறது, வெப்பம் குறைந்தால் வால்வு பாலை எப்படித் திருப்பிவிடுகிறது என்பதை ஆபரேட்டர் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன், அவ்வளவே. பாஸ்பட்டேஸ் சோதனையைச் செய்து காட்டக் கண்டுள்ளேன், தனியாகச் செய்ததில்லை. இவை இரண்டையும் பயிற்சிக் காலத்தின் தொடக்கத்திலேயே கற்றுக்கொள்ள விரும்புகிறேன்.

இரவு ஷிப்ட் உட்பட மூன்று ஷிப்டிலும் வேலை செய்ய இயலும். தற்காலிகப் பட்டச் சான்றிதழ் கையில் உள்ளது. பணி ஆணை கிடைத்த 7 நாட்களுக்குள் சேர முடியும். தாங்கள் விரும்பினால் நேர்காணலின்போது தங்கள் ஆய்வகத்திலேயே ஒரு மாதிரிக்குக் கெர்பர் சோதனை செய்து காட்டவும் தயார்.

கைபேசி எண்ணும் முகவரியும் தன்விவரக் குறிப்பின் முதல் பக்கத்தில் உள்ளன.

நன்றி.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
இரா. தமிழ்ச்செல்வன்

இணைப்பு: தன்விவரக் குறிப்பு, மதிப்பெண் பட்டியல், தற்காலிகப் பட்டச் சான்றிதழ், பயிற்சிச் சான்றிதழ்

மெயிலோட உடம்புல இதை மட்டும் போடு, லெட்டரை அங்கே மறுபடி ஒட்டாதே:

"வணக்கம். QC-T/04 பயிற்சியாளர் பணிக்கான என் விண்ணப்பக் கடிதத்தையும் தன்விவரக் குறிப்பையும் சான்றிதழ்களையும் ஒரே பி.டி.எஃப். கோப்பாக இணைத்துள்ளேன். நன்றி. இரா. தமிழ்ச்செல்வன், பி.எஸ்சி. நுண்ணுயிரியல், 2025."

சப்ஜெக்ட் வரியில குறியீடு முதல்ல வரணும்னு விளம்பரத்துலயே போட்டிருக்கு: `QC-T/04 - இரா. தமிழ்ச்செல்வன்`. ஃபைல் பேர் `QC-T04_Tamilselvan.pdf`. பேர்ல சாய்கோடு போட்டா சேவ் ஆகாது, அதான் எடுத்துட்டேன். வேர்டு ஃபைலா அனுப்பாதே. அவங்க கணினியில அந்தத் தமிழ் எழுத்துரு இல்லைன்னா எழுத்தும் பக்க அமைப்பும் மாறிடும். பி.டி.எஃப். ஆக்கினதும் உன் போன்லயும் ஒரு தடவை திறந்து பாரு.

அனுப்புறதுக்கு முன்னாடி ரெண்டு எண்ணை மட்டும் ரிப்போர்ட்டோட ஒத்துப் பாரு. அந்த 7 காலனி உன் கையெழுத்துல 1 மாதிரியும் தெரியுது. 4,80,000-ல ஒரு பூஜ்ஜியம் மங்கலா இருக்கு. இன்டர்வியூவுல முதல் கேள்வியே அந்தத் தட்டைப் பத்தித்தான் வரும். நிராகரிச்ச தட்டு ஃபோட்டோ இன்னும் இருந்தா போன்ல எடுத்து வச்சுக்கோ.

— அக்கா