பூம்பாறை கிருத்திகைப் பேச்சு: என் கைக்குறிப்பு

மாலை 6.30க்குத் தொடக்கம், 7 மணிக்குத் தீபாராதனை. அதற்கு மேல் ஒரு நிமிடம்கூடக் கிடைக்காது. எதிரே உட்காரப்போவது பூண்டுக் காட்டிலிருந்து நேரே வரும் பெண்கள், பள்ளிப் பிள்ளைகள், கொடைக்கானல் சுற்ற வந்த கேரளக் குடும்பங்கள், அருணகிரிநாதரின் கந்தர் அனுபூதி மனப்பாடமான நாலைந்து பெரியவர்கள். போன தடவை பெரியவர்களுக்காகவே பேசினேன். மற்றவர்கள் கொட்டாவி விட்டார்கள்.

முதல் 9 நிமிடம். அவையடக்கம் வேண்டாம், கதையில் இறங்கிவிடு. "ஒரு ராத்திரி. இதே ஊர், இதே குளிர். நடந்து வந்த களைப்பில் அருணகிரிநாதர் கோயில் மண்டபத்தில் படுத்துத் தூங்கிவிட்டார். அவரைக் கொல்ல ஒரு ராட்சசி வருகிறாள்..." பக்கத்தில் குழந்தை விளையாடுவதைப் பார்க்கிறாள். தாயும் பிள்ளையும் போல என்று நினைத்துத் திரும்பிப் போகிறாள். இந்தக் கோயில் முருகனுக்குக் குழந்தை வேலப்பர் என்ற பேர் அப்படி வந்தது என்பது ஊருக்கே தெரிந்த கதை. அதனால் முடிவை நான் சொல்லக் கூடாது. "அந்தக் குழந்தை யாரு?" என்று கேட்டு நிறுத்து. பிள்ளைகள் கத்துவார்கள். அந்தச் சத்தம் அடங்கும்வரை, ஒரு நிமிடம்போல, பேசாமல் நில்.

(சிலையின் நவபாஷாணம் பற்றி வாய் திறக்காதே. அரை மணியும் அதிலேயே போய்விடும்.)

அடுத்த 12 நிமிடம், அனுபூதிப் பாட்டு. இரண்டு முறை, மெதுவாக:

"செம்மான் மகளைத் திருடும் திருடன்
பெம்மான் முருகன் பிறவான் இறவான்
சும்மா இருசொல் லறவென் றலுமே
அம்மா பொருளொன் றும்அறிந் திலனே."

முதல் வரி வள்ளி கதை, ஒரு நிமிடத்தில் தாண்டு. நிற்க வேண்டிய இடம் 'சும்மா இரு'. கேரளக்காரர்களுக்கும் சும்மா என்றால் சும்மாதான், விளக்கவே வேண்டாம். "வீட்டில் சும்மாதானே இருக்கே என்பார்களே, அந்தச் சும்மாவா இது?" என்று பெண்களிடம் கேள். சிரிப்பு வரும். அப்புறம் திருவண்ணாமலைக் கோபுரம்: விழப்போன அருணகிரிநாதரைத் தாங்கிய முருகன் சொன்ன சொல் இது. பூம்பாறையில் அருணகிரிநாதர் என்ன செய்தார்? தூங்கினார். காப்பாற்றிக்கொள்ள அவர் கை ஒரு விரல்கூட அசையவில்லை. இதைச் சொன்னதும் வாயை மூடு.

4 நிமிடம் மௌனம். மைக்கை நிறுத்தச் சொல், இல்லாவிட்டால் அதன் இரைச்சல் கேட்கும். பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடு: எத்தனை சத்தம் கேட்கிறது என்று எண்ணட்டும். யாருடைய செல்போனாவது அடித்தால் திரும்பிப் பார்க்காதே, அதுவும் ஒன்று. கண்ணை மூடச் சொல்லாதே, வேறு மதத்தாரும் இருப்பார்கள். அவரவர் விருப்பம்.

மிச்சம் 4 நிமிடம். மைக் இல்லாமலே, அடிஅடியாக, எல்லாரும் திருப்பிச் சொல்ல:

"உருவாய் அருவாய் உளதாய் இலதாய்
மருவாய் மலராய் மணியாய் ஒளியாய்க்
கருவாய் உயிராய்க் கதியாய் விதியாய்க்
குருவாய் வருவாய் அருள்வாய் குகனே."

நன்றியுரை கிடையாது. மணி அடித்ததும் தூணோரம் ஒதுங்கி, வழி விடு.