கிளைக்கோஜன் சேமிப்பு நோய்கள்: வாய்மொழித் தேர்வுக்கு நான்கு கேள்விகள்

1. நான்கு மாதக் குழந்தை. இரவில் பால் குடிக்காமல் தூங்கிவிட்டால் விடியற்காலையில் வலிப்பு. பொம்மை போல உப்பிய கன்னம், பெரிய கல்லீரல், மண்ணீரல் இயல்பு. குளுக்கோஸ் 28 மி.கி./டெ.லி.; லாக்டேட், யூரிக் அமிலம், ட்ரைகிளிசரைடு மூன்றும் அதிகம். எந்த நொதி?

விடை: குளுக்கோஸ்-6-பாஸ்பேட்டேஸ் (வான் கியர்க்கே, வகை 1). கிளைக்கோஜன் உடைந்தாலும் சரி, புதிதாகக் குளுக்கோஸ் உருவானாலும் சரி, கடைசிப் படி இந்த நொதிதான். அது அடைபட்டால் குளுக்கோஸ்-6-பாஸ்பேட் கிளைக்காலிசிஸ் பக்கம் திரும்பி லாக்டேட்டாகிறது. குளுக்ககான் கொடுத்தால் சர்க்கரை ஏறாது, லாக்டேட்தான் ஏறும்.

2. இதே குழந்தைக்கு லாக்டேட், யூரிக் அமிலம் இயல்பாகவும் கீட்டோன் அதிகமாகவும் இருந்தால்?

விடை: கிளைநீக்கி நொதிக் குறைபாடு (கோரி, வகை 3). புதிதாகக் குளுக்கோஸ் தயாரிக்கும் வழி திறந்தே இருக்கிறது. சாப்பிட்ட இரண்டு மணி நேரத்தில் குளுக்ககான் கொடுத்தால் சர்க்கரை ஏறும், நீண்ட பட்டினிக்குப் பின் ஏறாது.

3. மூன்று மாதக் குழந்தை, தூக்கினால் துணி போலத் தொங்குகிறது. நாக்கு பெரிது, எக்ஸ்ரேயில் இதயம் மார்பை அடைத்து நிற்கிறது, ஈசிஜியில் பிஆர் இடைவெளி குறுகல். சர்க்கரை?

விடை: இயல்பு. மாணவர்கள் வழுக்குவது இங்கேதான். பாம்பே (வகை 2) லைசோசோம் நோய்; குறைவது அமில ஆல்பா-குளுக்கோசிடேஸ். சைட்டோபிளாசத்தில் கிளைக்கோஜன் வழக்கம்போல உடைகிறது.

4. முதல் குழந்தைக்கு இரவு உணவு?

விடை: கைக்குழந்தைக்கு மூக்குக் குழாய் வழியே தொடர் ஊட்டம். சற்று வளர்ந்தபின் வேகவைக்காத மக்காச்சோள ஸ்டார்ச். வேகவைத்தால் சீக்கிரம் செரித்துவிடும்.