பீட்டருக்கு

அன்புள்ள பீட்டர்,

நீங்கள் படமெடுத்து அனுப்பிய துக்க அட்டையைப் போனில் மொழிபெயர்த்துப் படித்தேன். அம்மா போய்விட்டார் என்றதும் மனசு கனத்துவிட்டது. ஒருமுறை வீடியோ காலில் எட்டிப் பார்த்துக் கையசைத்தாரே, அந்தச் சிரிப்புதான் கண்ணில் நிற்கிறது. ஆங்கிலத்தில் ஆறுதல் சொல்ல வரவில்லை, அதனால் தமிழிலேயே எழுதுகிறேன். நீங்களும் போனிலேயே படித்துக்கொள்ளுங்கள்.

வருகிறவர்கள் தங்கள் தோட்டத்துப் பூ ஒன்றைக் கொண்டுவரலாம் என்று அட்டையில் இருந்தது. வெள்ளிக்கிழமை யூத்ரெக்ட்டுக்கு என்னால் வர முடியாது. எங்கள் வீட்டு நந்தியாவட்டையை அன்று அம்மாவை நினைத்துச் சாமிக்கு வைக்கிறேன்.

ஆபீஸ் வேலையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், மெயில் பக்கமே வராதீர்கள். அப்பாவை நேரத்துக்குச் சாப்பிட வையுங்கள். நீங்களும்தான்.

செல்வி,
மதுரை